ஃபயர் டிவி ஸ்டிக் சீக்கிரமே உறங்கிவிடுவது ஏன், அதைத் தள்ளிப்போடுவது எப்படி

கேள்வி: வரவேற்பறை டிவியில் ஃபயர் டிவி ஸ்டிக் மாட்டியிருக்கிறோம். அம்மா காலையில் ஒரு செயலியில் பக்திப் பாடல் போட்டால் பாட்டின் வரிகள் திரையில் தெரியும். ஐந்து நிமிடத்தில் அது மறைந்து மலை, கடல் படங்கள் வந்துவிடுகின்றன. ஸ்கிரீன்சேவரை Never என்று வைத்துவிட்டேன். இப்போது படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் டிவியே அணைந்து கிடக்கிறது. தொடர் பார்க்கும்போது ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று வேறு கேட்கிறது. இதையெல்லாம் எங்கே மாற்றுவது?

பதில்:

இவை மூன்றும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள் அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கடிகாரங்கள் பல உங்கள் டிவிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எது முதலில் முடிகிறதோ அதன் விளைவைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஸ்கிரீன்சேவருக்கு ஒரு கடிகாரம், ஸ்டிக் உறங்குவதற்கு ஒன்று, டிவி தானாக அணைவதற்கு ஒன்று, படம் காட்டும் செயலி தனக்கென வைத்திருக்கும் ஒன்று. நீங்கள் முதல் கடிகாரத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் அதன் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது இப்போது வெளியே தெரிகிறது.

முதலில் ஸ்கிரீன்சேவர். Settings சென்று Display & Sounds, அதற்குள் Screensaver என்று போனால் Start Time என்ற வரி இருக்கும்; மென்பொருள் பதிப்பைப் பொறுத்து இந்த வரி ஒரு படி உள்ளே தள்ளியிருக்கலாம். வாங்கியவுடன் அது 5 நிமிடத்தில் இருக்கும். 10, 15 நிமிடங்களுக்கு மாற்றலாம், அல்லது Never என்று வைக்கலாம். ரிமோட்டில் கடைசியாக ஒரு பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு அழுத்தமும் அதை மீண்டும் சுழியத்திற்குக் கொண்டுவருகிறது.

அப்படியானால் இரண்டரை மணி நேரத் திரைப்படத்தின் நடுவில் ஏன் மலையும் கடலும் வருவதில்லை, அம்மாவின் பாட்டுக்கு மட்டும் ஏன் வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் உங்கள் சிக்கலின் வேர். ஃபயர் டிவி ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டின் மேல் கட்டப்பட்டவை. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி திரையில் இருக்கும்போது, ‘நான் சொல்லும் வரை திரையை விழித்த நிலையில் வைத்திரு’ என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. படம் ஓட்டும் செயலிகள் படம் ஓடும் வரை அப்படிக் கேட்டுக்கொண்டு, நீங்கள் நிறுத்திவைத்தவுடன் அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. பாடல் செயலிகள் பலவற்றில் இந்த வேண்டுகோளே இருப்பதில்லை. ஒலி ஓட வேண்டுமானால் திரை விழித்திருக்கத் தேவையில்லை என்று அவற்றை எழுதியவர்கள் கருதியிருக்கிறார்கள். கைபேசியில் அந்தக் கருத்து சரியானது, டிவியில் வரிகளைப் பார்த்துப் பாட விரும்புகிறவருக்கு அது இடைஞ்சல். வீட்டு வாசல் கேமராவைக் காட்டும் செயலிகள், டிவியில் திறக்கும் உலாவிகள், வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுவிய சிறு செயலிகள் ஆகியவற்றிலும் இதே குறையைக் காணலாம். ஒரு செயலியில் திரை விழித்திருக்க இன்னொன்றில் மட்டும் ஸ்கிரீன்சேவர் வந்தால், ஸ்டிக்கில் கோளாறு இல்லை, அந்தச் செயலி கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று பொருள்.

நீங்கள் Never என்று வைத்தது பாதித் தீர்வுதான். ஸ்டிக்குக்கு இரண்டாவதாக உறக்கக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது வழக்கமாக 20 நிமிடத்தில் நிற்கிறது. ஸ்கிரீன்சேவர் 5 நிமிடத்தில் வந்தால் அடுத்த 15 நிமிடம் படங்கள் ஓடும், பிறகு ஸ்டிக் உறங்கும். ஸ்கிரீன்சேவரை நிறுத்திவிட்டால் நிறுத்திவைத்த படம் 20 நிமிடம் அப்படியே நிற்கும், பிறகு நேராக உறக்கம். அதாவது Never என்ற சொல் ஸ்கிரீன்சேவரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உறக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்த 20 நிமிடத்தை மாற்றும் வரி பல ஸ்டிக்குகளின் Settings பட்டியலில் எங்கும் இல்லை என்பதுதான் பலரையும் சுற்றலில் விடுகிறது. பட்டியலில் Sleep என்ற சொல்லைக் கண்டு சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். My Fire TV பகுதியில் இருக்கும் அது உடனே உறங்க வைக்கும் பொத்தானே தவிர நேரத்தை மாற்றும் வரி அல்ல.

எனவே உங்கள் வீட்டில் எந்தக் கடிகாரம் டிவியை அணைக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு படத்தை நிறுத்திவைத்து, ரிமோட்டைத் தொடாமல், மணியைக் குறித்துக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்திருங்கள். 20 நிமிடத்தை ஒட்டித் திரை கறுத்து அதே கணத்தில் டிவியும் அணைந்தால், ஸ்டிக் உறங்கும்போது எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்கும் அணையும்படி செய்தி அனுப்பியிருக்கிறது. 20 நிமிடத்தில் No Signal என்ற அறிவிப்பு தோன்றி, மேலும் சில நிமிடங்கள் கழித்து டிவி அணைந்தால், ஸ்டிக் உறங்கியதால் படக் குறிகை நின்றுபோய், டிவி தன் விருப்பப்படி அணைந்திருக்கிறது. இரண்டும் வெளித்தோற்றத்திற்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்ற வேண்டிய இடங்கள் வேறு. 20 நிமிடத்தோடு சிறிதும் ஒட்டாத நேரத்தில், ஏதோ ஒரு எச்சரிக்கை வரிக்குப் பிறகு டிவி அணைந்தால் ஸ்டிக்கின் மேல் பழி இல்லை. அது டிவியின் சொந்தக் கடிகாரம்.

ஸ்டிக் டிவிக்கு அனுப்பும் செய்தியை நிறுத்த, Display & Sounds பகுதியில் உள்ள HDMI CEC Device Control என்ற வரியை அணைத்துப் பாருங்கள். டிவியின் பக்கத்தில் இதே வசதிக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பெயர் இருக்கும்: சாம்சங்கில் Anynet+, எல்ஜியில் SimpLink, சோனியில் BRAVIA Sync. ஆனால் இதை நிரந்தரமாக அணைத்துவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டிக் ரிமோட்டை அழுத்தியவுடன் டிவி விழித்து, சரியான எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்குத் தானாக மாறுவது இந்த வசதியால்தான். அம்மாவைப் போன்ற ஒருவருக்கு அது போய்விட்டால், காலையில் டிவி ரிமோட்டை எடுத்து உள்ளீட்டை மாற்ற வேண்டிய புதிய தொல்லை வந்து சேரும். சோதிப்பதற்காக மட்டும் அணைத்துப் பார்த்துவிட்டு, உண்மையான மாற்றத்தை உறக்கக் கடிகாரத்தில் செய்வதே மேல்.

அதற்கு ஒரு கணினி வேண்டும். கணினியிலிருந்து ஸ்டிக்குக்குக் கட்டளைகளை அனுப்ப உதவும் ஏடிபி என்ற கருவி கூகுளின் ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். கணினியும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கில் Settings, My Fire TV, About என்று சென்று, முதல் வரியில் உள்ள ஸ்டிக்கின் பெயர் மேல் நின்று நடுப் பொத்தானை ஏழு முறை அழுத்தினால், முந்தைய பக்கத்தில் Developer Options என்ற புதிய வரி முளைக்கும். அதற்குள் ADB Debugging என்பதை இயக்குங்கள். பிறகு மீண்டும் About பகுதிக்குள் Network என்ற வரியில் ஸ்டிக்கின் ஐபி முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.25 என்று வைத்துக்கொண்டால், கணினியில் இறக்கிய கோப்புறைக்குள் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இவ்வாறு தட்டச்சு செய்ய வேண்டும்:

```
adb connect 192.168.1.25:5555
adb shell settings get system screen_off_timeout
adb shell settings get secure sleep_timeout
```

முதல் வரியை அனுப்பியவுடன் டிவித் திரையில் அனுமதி கேட்கும் ஒரு பெட்டி தோன்றும். அதை ஏற்காமல் அடுத்த வரிக்குப் போனால் கணினி unauthorized என்று சொல்லி மறுத்துவிடும். பெரும்பாலோர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்து டிவியில் வந்த பெட்டியைக் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தில்தான். ஏற்றபின் அடுத்த இரண்டு வரிகளும் இப்போதுள்ள அளவுகளைக் காட்டும். அவை மில்லிவினாடிகளில் இருக்கும்: ஸ்கிரீன்சேவர் 5 நிமிடத்தில் இருந்தால் 300000, உறக்கம் 20 நிமிடத்தில் இருந்தால் 1200000. null என்று வந்தால் அஞ்ச வேண்டாம். அந்த அளவை இதுவரை யாரும் தனியாக எழுதிவைக்கவில்லை, உள்ளே உள்ள இயல்பு அளவே நடப்பில் இருக்கிறது என்பதே அதன் பொருள். வந்த இரண்டு விடைகளையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

இனி அளவைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் வீட்டு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் பாடல் நேரம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கொள்ளலாம். சாப்பாட்டுக்காக நிறுத்திவைக்கும் படம் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ நிற்க வேண்டும். ஆகவே உறக்கத்தை 2 மணி நேரத்துக்குத் தள்ளினால் இரண்டுக்கும் போதுமானது. யாரேனும் அணைக்க மறந்து படுத்துவிட்டாலும் விடியும் வரை டிவி எரிந்துகொண்டிருக்காது. 2 மணி நேரம் என்பது 2 × 60 × 60 × 1000, அதாவது 7200000 மில்லிவினாடி. ஸ்கிரீன்சேவரை நீங்கள் Never என்று விட்டதற்குப் பதில், 1 மணி நேரம், அதாவது 3600000 என்று வைக்கலாம். பட்டியலில் 15 நிமிடத்துக்கு மேல் தேர்வு இல்லாவிட்டாலும் கட்டளை வழியாக எந்த அளவையும் எழுதலாம்.

```
adb shell settings put system screen_off_timeout 3600000
adb shell settings put secure sleep_timeout 7200000
```

இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள உறவை மறந்துவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு இவ்விரண்டில் சிறியதையே திரைக்கான வரம்பாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஸ்கிரீன்சேவருக்கு 1 மணி நேரம் எழுதிவிட்டு உறக்கத்தை 20 நிமிடத்திலேயே விட்டுவிட்டால், அந்த 1 மணி நேரம் ஒருபோதும் நிறைவேறாது. ஸ்கிரீன்சேவர் வர வேண்டுமானால் உறக்கத்தின் அளவு அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் 7200000 என்பதற்குப் பதில் 0 என்று எழுதினால் உறக்கமே வராது. கடை வாசலில் விளம்பரத்திரை வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும், வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். குறிப்பாக உங்களுடையது ஓலெட் டிவியாக இருந்தால், நிறுத்திவைத்த படத்தின் அசையாத எழுத்துகளும் பாட்டு வரிகளின் சட்டகமும் நாள்தோறும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் நிரந்தரத் தடம் பதியும் ஆபத்து உண்டு. அங்கே ஸ்கிரீன்சேவரை 15 நிமிடத்துக்கு மேல் தள்ளாமல் இருப்பது நல்லது. எல்ஈடி பின்னொளி கொண்ட எல்சிடி டிவிகளில் இந்த அச்சம் மிகக் குறைவு.

எழுதிய அளவு பதிந்ததா என்பதை முன்பு போல get கட்டளையால் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டிக்கை மறுதொடக்கம் செய்தாலும் அது நிலைத்திருக்கும். ஆனால் பின்னொரு நாள் வீட்டில் யாராவது Settings பட்டியலில் ஸ்கிரீன்சேவரின் Start Time வரியைத் தொட்டு மாற்றினால், நீங்கள் எழுதிய 3600000 அழிந்து அவர்கள் தேர்ந்தெடுத்த அளவு வந்துவிடும். ஸ்டிக்கைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் இரண்டுமே போய்விடும். சில வாரங்கள் கழித்து ‘மறுபடியும் பழைய கதை’ என்று தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வேலை முடிந்ததும் ADB Debugging என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும் வரை ஸ்டிக் 5555 என்ற வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது, 2018இல் ADB.Miner என்ற தீநிரல் இந்த வாயில் வழியாகத்தான் ஆண்ட்ராய்டு கருவிகளில் பரவியது. அணைத்தாலும் நீங்கள் எழுதிய அளவுகள் மாறாது. இன்னொரு வரம்பும் உண்டு: 2025இல் வெளிவந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு வேகா என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடுகிறது. உங்களுடையது அதுவென்றால் மேலே உள்ள கட்டளைகள் பொருந்தா. அதன் பட்டியலில் உள்ள தேர்வுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனைக்குப் பிறகும் டிவி அணைந்தால் அது டிவியின் சொந்த ஏற்பாடு. சாம்சங்கில் மின்சேமிப்புப் பகுதியில் Auto Power Off என்றும், சோனியின் ஆண்ட்ராய்டு டிவிகளில் Idle TV Standby என்றும் இருக்கும். மற்றவற்றிலும் மின்சேமிப்பு அல்லது நேரம் தொடர்பான பகுதிகளில் தேடினால் கிடைக்கும். இவை பெரும்பாலும் சில மணி நேர அளவில் ஓடுபவை. இவற்றைப் பற்றி ஒரு நுட்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத் வழியாகப் பேசுகிறது. டிவிக்கு நேராகச் செல்வது ஒலி, மின் பொத்தான்களின் அகச்சிவப்புக் கதிர் மட்டுமே. ஆகவே மாலை முழுவதும் நீங்கள் ஸ்டிக் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தாலும், டிவியின் கணக்கில் யாரும் அறையில் இல்லை. நான்கு மணி நேரப் பார்வைக்குப் பின், கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் டிவி தானாக அணைவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஒலியை ஒரு படி ஏற்றி இறக்கினால் டிவிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வேண்டாமென்றால் அந்த வரியையே அணைத்துவிடலாம்.

உறக்கம்போலத் தோன்றி உறக்கமல்லாத ஒன்றும் இருக்கிறது. ஸ்டிக்கைத் தட்டி எழுப்பும்போது நீங்கள் விட்ட இடத்துக்கோ முகப்புக்கோ உடனே வராமல், நிறுவனத்தின் சின்னம் தோன்றி ஒரு நிமிடம் போலக் காக்கவைத்தால், ஸ்டிக் உறங்கவில்லை, மின்சாரம் போய்த் திரும்பத் தொடங்கியிருக்கிறது. டிவியின் பின்புற யுஎஸ்பி வாயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் வீடுகளில் இது வழக்கம். அந்த வாயில்களில் பல 0.5 ஆம்பியர் மட்டுமே தருபவை. ஸ்டிக்கோடு வரும் அடாப்டரோ 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் தருவது. மேலும் டிவி அணைந்தவுடன் அந்த வாயிலும் அணைந்துவிடும். எந்த அமைப்பை மாற்றியும் இது தீராது. ஸ்டிக்கை அதன் சொந்த அடாப்டரில், சுவர்ப் பிளக்கில் செருகினால் மட்டுமே தீரும்.

‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்ற கேள்வி ஸ்டிக்கிலிருந்து வருவதே அல்ல, ஆகவே மேலே சொன்ன எந்த அளவும் அதைத் தொடாது. நெட்ஃப்ளிக்ஸை எடுத்துக்கொண்டால், இயக்கப் பொத்தான் எதையும் தொடாமல் தொடரின் மூன்று பகுதிகள் அடுத்தடுத்து ஓடிவிட்டாலோ, இடைவிடாமல் 90 நிமிடம் கடந்தாலோ அது கேட்கும். யாரும் இல்லாத அறையில் தொடர் ஓடி, மறுநாள் நீங்கள் விட்ட இடம் தெரியாமல் போகாமலிருக்க வைத்த ஏற்பாடு இது. இதற்கான நேரத்தை மாற்றும் வரி உங்கள் கணக்கின் அமைப்புகளில் இல்லை. கணக்கில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் அடுத்த பகுதி தானாக ஓட வேண்டுமா என்ற தேர்வு உண்டு. அதை அணைத்தால் கேள்வி நின்றுவிடும், ஆனால் ஒவ்வொரு பகுதி முடிவிலும் நீங்களே அழுத்த வேண்டியிருக்கும் என்பதால் அது தீர்வாகாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டால் அந்தக் கணக்கு மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். யூடியூபும் நீண்ட நேரம் தொடாமல் விட்டால் படத்தை நிறுத்தித் தொடரலாமா என்று கேட்கும். அம்மாவின் பாடல்களை யூடியூபுக்கு மாற்றினால் திரை விழித்திருக்கும் என்று நினைத்து மாற்றுவதானால், இந்தக் கேள்வியையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

உறவினர் வீட்டில் இருப்பது ஃபயர் டிவி அல்லாமல் கூகுள் டிவி ஸ்டிக்காக இருந்தால் வேலை எளிது. அங்கே Settings, System பகுதிக்குள் Energy saver என்ற இடத்தில் When inactive, When watching என இரண்டு வரிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. முதலாவது ஸ்டிக்கைத் தொடாமல் விட்ட நேரத்துக்கானது. இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தாலும் பொருந்துவது, வழக்கமாக 4 மணி நேரம். ‘படம் ஓடும்போதே அணைந்துவிட்டது’ என்று அங்கிருந்து புகார் வந்தால் அந்த இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்டிக்கில் செய்த மாற்றம் பிடிக்காமல் போனால், ADB Debugging என்பதை மீண்டும் இயக்கி, முன்பு போல connect கட்டளையால் இணைந்து, தாளில் எழுதிவைத்த பழைய எண்களை put கட்டளையில் இட்டு அனுப்பினால் போதும். முதலில் null என்று வந்திருந்தால் எண்ணை எழுதாமல் பதிவையே நீக்கிவிடலாம். அதன்பின் ஒருமுறை ஸ்டிக்கை மறுதொடக்கம் செய்யுங்கள்.

```
adb shell settings delete secure sleep_timeout
```